பனியன் கம்பெனி இன்டர்வியூ: ஒரு வாரக் குறிப்பு

ஜூன் 4

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்கு 11ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். "முதலாளி தமிழ்லதான் பேசுவார். உங்களைப் பத்தி ரெண்டு நிமிஷம் சொல்ற மாதிரி வாங்க" என்றார் போனில் பேசியவர். ஆங்கிலத்தில் என்றால் கல்லூரியில் மனப்பாடம் செய்த நாலு வரி கைவசம் உண்டு. தமிழில் என்னைப் பற்றி யாரிடமும் இப்படி வரிசையாகச் சொன்னதே இல்லை.

இரவு ஒரு பக்கம் எழுதினேன். "நான் இளங்கலை வணிகவியல் பட்டப்படிப்பை நிறைவு செய்துள்ளேன்." சத்தமாகப் படித்ததும் அடுக்களையிலிருந்து அக்கா, "என்னடா, ரேடியோவுல செய்தி ஓடுதா?" என்றாள்.

ஜூன் 5

எழுதியதைத் தூர வைத்துவிட்டு, போனில் பதிவு செய்து கேட்டேன். மொத்தம் 2 நிமிடம் 50 விநாடி. பெயர், ஊர், அப்பா தொழில், பத்தாவது மார்க் இவற்றுக்கே ஒரு நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. கடைசியாக முடித்த படிப்பிலிருந்து தொடங்கினால் பள்ளிக்கூடம் தானாக உதிர்ந்துவிடுகிறது. இப்போது இப்படி:

"வணக்கம் சார். என் பேரு கார்த்தி, தாராபுரம் பக்கம். போன வருஷம் பி.காம் முடிச்சேன். முடிச்சதுல இருந்து எங்க ஊர்லயே ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பார்க்கிறேன்."

கடைசி வரி வேண்டுமென்றே வைத்தது. படிப்பு ஆபீஸில் போய் முடிந்தால், அங்கே என்ன வேலை என்று திறமைக்குப் போக வழி கிடைக்கிறது. பி.காம், டேலி, ஜிஎஸ்டி எல்லாம் அப்படியே இருக்கட்டும். அதைத் தமிழாக்கப் போனால்தான் நாக்கு தடுக்குகிறது.

ஜூன் 7

சித்தப்பா செக்கிங் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தவர், ஆள் எடுத்துப் பழகியவர். அவர் முன்னால் பேசிக் காட்டினேன். "டேலி தெரியும், எக்ஸெல் தெரியும், ஜிஎஸ்டி தெரியும்" என்றதும் கையைக் காட்டி நிறுத்தினார். "வர்றவன் எல்லாம் இதைத்தான் சொல்றான். நீ என்ன செஞ்சே, அதைச் சொல்லு."

யோசித்ததில் ஒரு துணிக்கடைக் கணக்கு ஞாபகம் வந்தது. சரக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்களின் பட்டியலாக மாதாமாதம் 14ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி வரும். நம் கொள்முதல் பில்கள் அதில் இருந்தால்தான் அந்த வரியைக் கழித்துக்கொள்ள முடியும். ஒரு மாதம் 6 பில் காணவில்லை. அதில் 2 பில்லை, சரக்கு விற்றவர் தப்பான ஜிஎஸ்டி நம்பரில் ஏற்றியிருந்தார். மீதி 4 பில்லும் ஒரே வியாபாரியுடையது. அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுகிறவர். இதைப் பேச்சில் சுருக்கினேன்:

"பில்லையும் 2பியையும் ஒத்துப் பார்ப்பேன் சார். ஒரு தடவை 6 பில் வரலை. ரெண்டு, நம்பர் தப்பு, கூப்பிட்டுத் திருத்தச் சொன்னேன். நாலு பில்லுக்கு அந்த மாசம் கிரெடிட் எடுக்கலை, தனியா குறிச்சு வச்சேன்."

சித்தப்பாவுக்கு 2பி என்றால் என்னவென்று தெரியாது. ஆனாலும், "இது நீ செஞ்ச மாதிரி இருக்கு" என்றார்.

ஜூன் 9

லட்சியம்தான் இழுத்தது. "அஞ்சு வருஷத்துல சொந்தமா ஆபீஸ் போடணும்" என்றேன். "அப்ப எங்க கம்பெனி உனக்கு பஸ் ஸ்டாப்பா?" என்றார் சித்தப்பா. பொய்யும் சொல்ல வரவில்லை. அந்த வேலையில் நிஜமாகவே எனக்குத் தெரியாதது எது என்று பார்த்தேன். நூல், நிட்டிங், டையிங், தையல் எல்லாம் சேர்ந்து ஒரு பீஸ் என்ன விலைக்கு நிற்கிறது என்று கணக்குப் போடுவது. துணிக்கடைக் கணக்கில் அது கிடையாது.

"முதல்ல ஜிஎஸ்டி வேலையைத் தனியா பார்க்கணும். அப்புறம் காஸ்டிங் கத்துக்கணும் சார்."

ஓட்டிப் பார்த்தேன், 1 நிமிடம் 15 விநாடி. வாய்ப்பழக்கத்தில் வரிக்கு வரி "ங்க" வருகிறது. அக்கா எண்ணி 14 என்றாள். "சார்" வருகிற இடத்தில் "ங்க" வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன்.

ஜூன் 11

முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். இன்று விற்பனை பில்களை ஏற்றும் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னுக்குக் கடைசி நாள், அக்கவுண்டன்ட் எழுந்து வர முடியவில்லை. தேதியைக் கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"பி.காம் முடிச்சேன்" என்றதுமே முதலாளி குறுக்கே வந்தார். "அரியர் இருந்துச்சா?" ஒன்று இருந்தது, அடுத்த செமஸ்டரில் எழுதிவிட்டேன் என்றேன். அவ்வளவுதான், தலையாட்டினார். ஆனால் எனக்கு வரிசை அறுந்துவிட்டது, எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. ஆடிட்டர் ஆபீஸ் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு மேலே போனேன்.

6 பில் கதையை அக்கவுண்டன்ட்தான் நிமிர்ந்து கேட்டார். "அந்த நாலு பில் அப்புறம் எப்ப வந்துச்சு?"

"அடுத்த மாச 2பியில சார்."

லட்சியத்தை யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்ல வாயெடுப்பதற்குள் முதலாளிக்குப் போன் வந்துவிட்டது. வெளியே வரும்போது அக்கவுண்டன்ட், "டூ வீலர் இருக்கா? பேங்குக்குப் போகணும்" என்றார். அதற்குத் தயார் செய்திருக்கவில்லை. சித்தப்பா வண்டியை நினைத்துக்கொண்டு இருக்கு என்றேன்.