எண்ணெயில் வரும் சூரை டின்: வடித்த எடை ஒருவழியாகப் பிடிபட்டது

மீன், வடிந்த எண்ணெய், டின்னில் ஒட்டிக்கொண்டது, எல்லாவற்றையும் கூட்டினால் லேபிளில் போட்டிருக்கும் 185 கிராம் அப்படியே வந்துவிட்டது. அடுத்த டின்னையும் அதே முறையில் வடித்தேன், மீனின் எடை ஒரு கிராம்தான் மாறியது. சாப்பிடுவதை எடை போட்டுக் கலோரிக் கணக்கு எழுதும் எனக்கு, எண்ணெயில் அடைத்த சூரையில் இந்த நிலைமை வர ரொம்ப நாள் பிடித்தது. அதனால்தான் சூட்டோடு சூடாக எழுதி வைக்கிறேன்.

உப்புநீரில் வரும் கொண்டைக்கடலையும் காளானும் எனக்கு எப்போதோ அடங்கிவிட்டன. அவற்றில் இரண்டு கிராம் தண்ணீர் கூடுதலாக ஒட்டியிருந்தாலும் பெரிய சேதம் இல்லை, தண்ணீருக்குக் கலோரி கிடையாது. சர்க்கரைப் பாகு கொஞ்சம் படுத்தும். 20 சதவீதம் சர்க்கரை உள்ள பாகில் ஒரு கிராமுக்கு முக்கால் கலோரிக்குக் கொஞ்சம் மேலே வரும். எண்ணெய் அப்படியில்லை. ஒரு கிராமுக்கு 9 கலோரி. அதே அளவு அலட்சியம் உப்புநீரில் ஒன்றும் செய்யாது, எண்ணெயில் அன்றைய கணக்கையே குலைத்துவிடும். இதைப் புரிந்துகொண்ட பிறகு என் கவனம் முழுக்க ஒரே ஒரு கட்டத்தின் மேல் போனது: வடிப்பது.

கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தரத்தில் டின் மீனுக்குச் சொல்லியிருக்கும் முறை எளிமையானது. டின்னை 20 முதல் 30 டிகிரி வெப்பத்தில் குறைந்தது 12 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். 2.8 மி.மீ. சதுரக் கண் உள்ள, முன்பே எடை பார்த்த வட்டச் சல்லடையில் கொட்டிப் பரப்ப வேண்டும். சல்லடையை 17 முதல் 20 டிகிரி சாய்த்து, கொட்டியதிலிருந்து 2 நிமிடம் விட வேண்டும். அப்புறம் சல்லடையோடு எடை போட்டுச் சல்லடையின் எடையைக் கழிக்க வேண்டும். இவ்வளவுதான். ஆனால் இதில் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்க முடியாது என்பதை வீட்டுத் தராசே காட்டிவிடுகிறது.

முதலில் சல்லடை. மாவு சலிக்கும் சல்லடை சரிப்படாது. கண் பொடிசாக இருப்பதால் எண்ணெய் ஒவ்வொரு கண்ணிலும் படலமாக நின்றுவிடுகிறது. சல்லடையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கண்கள் அடைபட்டு மினுமினுப்பது தெரியும். அரிசி களையும் ஓட்டைத் தட்டில் மீன் துணுக்குகள் எண்ணெயோடு கீழே போய்விடும். கண் அளவைத் தெரிந்துகொள்ள ஸ்டீல் ஸ்கேலை வைத்து, ஒரு கம்பியின் இடது ஓரத்திலிருந்து பத்துக் கண் தள்ளி வரும் கம்பியின் இடது ஓரம் வரை அளந்து பத்தால் வகுக்கிறேன். அதில் கம்பியின் தடிமனைக் கழித்தால் கண். இணையத்தில் 3 மி.மீ. என்று போட்டு விற்ற ஒன்று வந்து சேர்ந்தபோது ஒரு மி.மீ.தான் இருந்தது, திருப்பி அனுப்பவும் முடியவில்லை. பாரிமுனைப் பக்கம் ஒரு பாத்திரக்கடையில் தட்டு மாற்றிக்கொள்ளும் ஸ்டீல் சல்லடை கிடைத்தது. அதில் பெரிய கண் தட்டு 2.8-க்கு மிக நெருக்கம். ஸ்கேலைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

அடுத்து சாய்வு. கிடையாக வைத்த சல்லடையில் எண்ணெய் கம்பிகளின் அடியில் துளித்துளியாகத் தொங்கிக்கொண்டே இருக்கும், விழாது. சாய்த்தால் அந்தத் துளிகள் கம்பி வழியாக ஓடித் தாழ்ந்த ஓரத்தில் சேர்ந்து சொட்டும். கோணம் அளக்கும் கருவி எதுவும் வேண்டாம். 20 செ.மீ. அகலச் சல்லடை என்றால் ஒரு ஓரத்தை ஆறரை செ.மீ. உயர்த்தினால் 19 டிகிரி வந்துவிடும். தச்சர் ஒருவரிடம் அந்த உயரத்துக்கு ஒரு கட்டை அறுத்து வாங்கிவிட்டேன். இந்த முழு ஏற்பாட்டிலும் எனக்கு மிகவும் பிடித்த சாமான் அதுதான்.

2 நிமிடம் முடிந்ததும் சல்லடையின் அடிப்பக்கத்தை டிஷ்யூத் தாளால் ஒரே ஒரு முறை துடைக்கிறேன். தாளையும் முன்னும் பின்னும் எடை போட்டுவிடுவேன். இது என் சொந்தச் சேர்க்கை. ஆனால் எடை ஒரே சீராக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெப்பத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஃபிரிட்ஜில் இருந்து நேராக எடுத்த டின்னில் எண்ணெய் கெட்டியாக இருக்கும், 2 நிமிடத்தில் முழுசாக இறங்காது, மீன் கனமாகக் காட்டும். சென்னை மே மாதத்தில் பிரச்சினை மறுபக்கம். சமையலறையே 30 டிகிரியைத் தாண்டிவிடும். அதனால் டின்னை முந்தின இரவே ஏசி ஓடும் அறையில் வைத்துவிடுகிறேன்.

இப்போது அந்த டின்னின் கணக்கு. மூடிய டின் 222 கிராம். மீனைக் கொட்டிய பிறகு கழுவாமல் டின்னும் மூடியும் 42. கழுவித் துடைத்த பிறகு 37. ஆக உள்ளே இருந்தது 185, டின்னில் ஒட்டியது 5. சல்லடையில் மீன் 133, கீழே கிண்ணத்தில் 45, டிஷ்யூவில் 2. கூட்டிப் பாருங்கள், 185. கழுவுவதற்கு முன்னால் டின்னை எடை போடுவதுதான் இதில் முக்கியம். அதை விட்டால் 5 கிராம் எங்கே போனது என்று தெரியாமல், சல்லடை மேல் சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்போம்.

லேபிளில் வடித்த எடை 130 என்று போட்டிருந்தார்கள். 133 வந்ததில் எனக்குக் குறை இல்லை. ஆனால் எல்லா எண்ணெய் டின்னிலும் இந்த எண் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். கோடெக்ஸின் பொது லேபிள் தரம் வடித்த எடையைப் போடச் சொல்லும்போது, திரவம் என்று கணக்கில் எடுப்பது தண்ணீர், சர்க்கரை அல்லது உப்புக் கரைசல், பழ காய்கறிச் சாறு, வினிகர் ஆகியவற்றைத்தான். எண்ணெய் அந்தப் பட்டியலில் இல்லை. மீன் டின்னுக்கு நாமே வடித்துப் பார்ப்பது இதனாலும் அவசியம்.

கிண்ணத்தில் விழுந்த 45 கிராம் முழுக்க எண்ணெய் அல்ல. குறுகலான கண்ணாடி டம்ளரில் ஊற்றி அரை மணி நேரம் விட்டால் அடியில் கலங்கலாக ஒரு அடுக்கு ஒதுங்கும். மீனிலிருந்து இறங்கிய நீர் அது. மருந்துக் கடையில் வாங்கிய ஊசியில்லாத சிரிஞ்சால் அடியிலிருந்து மெதுவாக உறிஞ்சி எடுத்தேன், 9 கிராம் இருந்தது. மிச்சம் 36 எண்ணெய். டின்னிலும் டிஷ்யூவிலும் போன 7-ஐயும் எண்ணெய் என்றே வைத்துக்கொண்டால் மொத்தம் 43.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுத் தரவில், எண்ணெயில் அடைத்து வடித்த லைட் சூரைக்கு 100 கிராமுக்கு 198 கலோரி, 29 கிராம் புரதம், 8 கிராம் கொழுப்பு என்று இருக்கிறது. 133 கிராமுக்கு 263 கலோரி, 39 கிராம் புரதம். இதையே கிடையாக வைத்து, துடைக்காமல் எடை போட்டால் 139 காட்டுகிறது. அந்தக் கூடுதல் 6 கிராம் வெறும் எண்ணெய். தட்டில் உண்மையில் போவது 317 கலோரி, ஆனால் நோட்டில் 275 என்றுதான் ஏறும். போதாததற்குப் புரதமும் கிட்டத்தட்ட 2 கிராம் கூடுதலாகப் பதிவாகும். கிண்ணத்து எண்ணெயில் வெங்காயம் தாளிப்பவர்கள் அந்த 36 கிராமுக்கு 324 கலோரியைத் தனி வரியாகப் போட்டே ஆக வேண்டும், மீனைவிட அது அதிகம்.

லேபிளின் ஊட்டச்சத்துக் கட்டம் மொத்தத்துக்கா, வடித்ததற்கா என்ற கேள்வி அடிக்கடி வரும். அதைக் கொழுப்பை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். என் டின்னில் மீனுக்குள் 11 கிராம், வெளியே 43, மொத்தம் 54. அதை 185-ஆல் வகுத்தால் 100 கிராமுக்கு 29. லேபிளில் கொழுப்பு 29-ஐ ஒட்டி இருந்தால் எண்ணெயையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள், 8-ஐ ஒட்டி இருந்தால் வடித்த மீனுக்கு. புரதமும் அதேபோல 21 அல்லது 29 என்று நிற்கும், ஆனால் கொழுப்பில்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. மொத்தத்துக்குப் போட்ட லேபிளை வைத்துக்கொண்டு வடித்த எடையால் பெருக்குவதுதான் நான் பார்க்கும் பதிவுகளில் அதிகம் நடக்கும் தவறு.

மூடியை வைத்து அழுத்திப் பிழிகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எடை போட்ட பிறகு அழுத்திப் பார்த்தேன், 133-லிருந்து 118-க்கு இறங்கியது. இறங்கியதில் எண்ணெயும் உண்டு, புரதம் கரைந்த நீரும் உண்டு. பிழிந்த மீனுக்கு வடித்த மீனின் எண்களைப் போட்டால் கணக்கு வேறு திசையில் தப்பும். பிழிந்து சாப்பிடுவது உங்கள் இஷ்டம், பதிவுக்குப் பிழியாத எடைதான். இன்னொன்று, இதெல்லாம் கட்டியாக வரும் மீனுக்குச் சொன்னது. உதிரியாக வரும் டின் அதே 2 நிமிடத்தில் கூடுதல் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அதை இன்னும் முடிக்கவில்லை.

முடிப்பதற்குள் மனசு அன்னாசி டின்னுக்குப் போய்விட்டது. அங்கே வடிப்பதால் பாதிப் பிரச்சினைதான் தீரும். டின்னுக்குள் வாரக்கணக்கில் இருக்கும்போது பாகின் சர்க்கரை பழத்துக்குள்ளும் பழத்தின் சாறு பாகுக்குள்ளும் போய் இரண்டும் சமமாகிவிடும். எவ்வளவு நன்றாக வடித்தாலும் துண்டுக்குள் ஏறிய சர்க்கரை வராது. அதனால் பச்சை அன்னாசியின் எண்ணைப் போடக் கூடாது, பாகில் அடைத்து வடித்தது என்று தனியாக இருக்கும் வரியைத்தான் எடுக்க வேண்டும். வடிந்த பாகின் பிரிக்ஸ், அதாவது சர்க்கரைச் சதவீத அளவு, தெரிந்தால் பழத்தின் சாற்றிலும் ஏறக்குறைய அதே அளவு சர்க்கரை என்று கொள்ளலாம். அதற்கு ஒரு கை ரிஃப்ராக்டோமீட்டர் பார்த்து வைத்திருக்கிறேன். 0 முதல் 32 பிரிக்ஸ் வரை காட்டுவது போதும். ரசகுல்லா டின்னுக்கு அந்த வரம்பு பத்தாது, அதற்கு வேறு ஒன்று தேட வேண்டும்.

உறைந்த இறாலுக்கும் இதே சல்லடைதான். மேலே பூசிய ஐஸ் கையில் தட்டுப்படாத வரை குளிர்ந்த தண்ணீரை மெல்லிய தூறலாக விட்டு, சாய்த்து, 2 நிமிடம். தூறலை அதிக நேரம் விட்டால் இறாலே இளகித் தண்ணீர் குடிக்கிறது. குழாயில் மாட்டும் ஷவர் முனை ஒன்று வாங்கியிருக்கிறேன், அதன் வேகம் இன்னும் அதிகமாகவே இருக்கிறது. அதைக் குறைத்துவிட்டு இறால் எண்களைப் போடுகிறேன்.