திரைக்குக் கீழே தெரிந்த கால்கள்

திருகோணமலையில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல வருடம் வேலை செய்தேன். இங்கே எங்களை முதலியார் என்றுதான் கூப்பிடுவார்கள். சாட்சி தமிழில் சொல்வதை சிங்களத்தில் நீதிபதிக்கும், கேள்வியைத் தமிழில் சாட்சிக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. சாட்சி சிறுபிள்ளை என்றால் அந்த விதி எவ்வளவு கனமானது என்பதை ஒரு வழக்கில்தான் முழுதாக உணர்ந்தேன். பிள்ளையை யாரும் அடையாளம் காணாதபடி சில விபரங்களை மாற்றி எழுதுகிறேன்.

மூதூர்ப் பக்கத்திலிருந்து தாயோடு பஸ்ஸில் வந்திருந்த பிள்ளை. முறைப்பாடு கொடுத்தபோது வயது ஆறு, மேல் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வந்தபோது பத்து. குற்றம் சாட்டப்பட்ட எதிரி அயல்வீட்டுக்காரர்.

பிள்ளை சாட்சி சொல்லத் தகுதியானவரா என்பதை நீதிபதி முதலில் பார்க்க வேண்டும். இத்தனை வயதுக்கு மேல்தான் சாட்சி சொல்லலாம் என்று எங்கள் சாட்சியக் கட்டளைச் சட்டத்தில் இல்லை. கேள்வி விளங்குகிறதா, அதற்குப் பொருத்தமாகப் பதில் சொல்ல முடிகிறதா, இவ்வளவுதான் 118ஆம் பிரிவு கேட்கிறது. சாட்சி சொல்லும் நாளில் அந்த ஆற்றல் இருக்கிறதா என்பதே தகுதி. நாலு வருடத்துக்கு முந்திய ஞாபகத்தை எவ்வளவு நம்பலாம் என்பது பிறகு வரும் வேறு கேள்வி.

இந்த இடத்தில்தான் பலர் பிழை விடுகிறார்கள். ‘உண்மை என்றால் என்ன?’ என்று கேட்டால் பெரியவர்களுக்கே நாக்குப் பிரளாது. பிள்ளை பேசாமல் நின்றால், விளங்கவில்லை என்று முடிவாகிவிடும். அன்று இருந்த நீதிபதி அப்படிக் கேட்கவில்லை. “மகள், வரும்போது கோட்டை வாசலில் மான் கண்டீரா?” என்றார். கண்டதாம். “அந்த மான் பறந்தது என்று நான் சொன்னால் அது உண்மையா, பொய்யா?” பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு, “மான் பறக்காது ஐயா, பாயும்” என்றது. நான் அதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன்.

வழக்கு மூடிய நீதிமன்றத்தில் நடந்தது. எதிரிக்கூண்டுக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு வெள்ளைப்பலகையைத் திரையாக நிறுத்தியிருந்தார்கள். அரச சட்டத்தரணி கேட்கத் தொடங்கியதும் பிள்ளையின் குரல் குறைந்துகொண்டே போனது. கண் நிலத்தில். நானும் குனிந்து பார்த்தேன். பலகைக்குக் கீழே ஒரு முழ இடைவெளி, அதில் எதிரியின் கால்கள், பழைய நீலச் செருப்பு. முகத்தை மறைத்தவர்களுக்குக் கால் ஞாபகம் வரவில்லை. நீதிபதியிடம் சொன்னேன். பத்து நிமிடம் ஒத்திவைத்தார். அதற்குள் நிலம்வரை துணி தொங்கவிட்டார்கள். பிள்ளையின் தாயும் ஒரு சாட்சி என்பதால் அவரை உள்ளே விட முடியாது. நன்னடத்தை அலுவலர் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்புறம் பிள்ளை பேசியது.

குறுக்கு விசாரணையில் எதிரியின் சட்டத்தரணி கேட்டார்: “அண்டைக்கு நீர் அம்மாவிட்ட ஒண்டும் சொல்லேல்லை, அப்படித்தானே?” பிள்ளை சொன்னது, “ஓம்.”

நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லவில்லை என்பதற்கு ஓமா, சொன்னேன் என்பதற்கு ஓமா? எதை சிங்களத்தில் சொன்னாலும் அது என் ஊகம். பயந்த பிள்ளை, பெரியவர் ‘அப்படித்தானே’ என்றால் ஓம் என்றுதான் சொல்லும். பதிவேட்டில் அது பிள்ளை ஒப்புக்கொண்டதாக நின்றுவிடும். எழுந்து நின்று, “பதில் இரண்டு விதமாகப் பொருள்படும்” என்று மட்டும் சொன்னேன். விளக்கம் சொல்வது என் வேலை இல்லை. நீதிபதி தானே கேட்டார்: “அண்டைக்கு அம்மாவிட்ட என்ன சொன்னீர்?” “இரவு சோறு தின்னேக்க சொன்னனான். அம்மா கோப்பையைக் கீழ வச்சிட்டா.”

இந்தப் பிள்ளைக்கு ஆறு வயதிலேயே பேட்டியை ஒளிப்பதிவு செய்திருக்கலாம். 1999இல் சேர்க்கப்பட்ட 163அ பிரிவின்படி, நீதிமன்றம் அனுமதித்தால் அந்தப் பதிவையே முதல் விசாரணைச் சாட்சியமாகப் போடலாம். ஞாபகம் மங்கும் முன் பிள்ளையின் சொல் அப்படியே காப்பாற்றப்படும். ஆனால் குறுக்கு விசாரணைக்குப் பிள்ளை வரத்தான் வேண்டும். பதிவு செய்தவர் ‘அவர்தானே செய்தார்?’ என்று பெயரை எடுத்துக் கொடுத்திருந்தால் அந்தப் பதிவே எதிரித் தரப்புக்கு ஆயுதம். 2015ஆம் ஆண்டின் பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் வேறிடத்திலிருந்து நேரடி ஒலி ஒளி இணைப்பில் சாட்சி சொல்லவும் வழி செய்தது. 2023இல் வந்த புதிய சட்டம் அதற்குப் பதிலானது. ஆனால் இணைப்பிலும் ‘அப்படித்தானே’ என்று கேட்கலாம், பிள்ளை ஓம் என்றுதான் சொல்லும்.

முடிந்து வெளியே வந்தபோது பிள்ளை என் சட்டைக் கையைத் தொட்டு, “நான் சொன்னதெல்லாம் எழுதினவையா?” என்று கேட்டது. கோப்பையைக் கீழே வைத்ததையும் எழுதினார்கள் என்று சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டுத் தாயிடம் ஓடியது.