பால் எங்கே போகிறது? ‘போ’ என்ற வினையைத் தொடர்ந்து போன ஒரு மாதம்

போன மாதம் ஒரு காலையில் அடுக்களையிலிருந்து அம்மா சத்தம் போட்டாள்: "டேய், பால் பொங்கப் போகுதுடா, அடுப்பை அணை!" ஓடி வந்து அணைத்துவிட்டேன். அப்புறம்தான் அந்த வாக்கியம் உறைத்தது. பால் எங்கேயும் போகவில்லை, பாத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. அப்படியானால் ‘போகுது’ அங்கே என்ன செய்கிறது?

நடந்து செல்வதைச் சொன்ன ஒரு முழு வினை, காலத்தைக் காட்டும் இலக்கணக் கருவியாக மாறிவிடுகிறது. இதை இலக்கணமாதல் என்கிறார்கள். பிரெஞ்சு மொழியறிஞர் அந்துவான் மெய்யே 1912இல் இதற்குப் பெயர் வைத்தார். ஆங்கிலத்தின் ‘கோயிங் டு’ போன பாதையும் இதுதான். நம் ‘போ’ அந்தப் பாதையில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்க ஒரு நோட்டு போட்டேன். வீட்டிலும் பஸ்ஸிலும் காதில் விழும் ‘-ப் போ’ வாக்கியங்களையெல்லாம் எழுதிவைத்தேன்.

முதல் வாரம் வீணானது. ஒவ்வொரு வாக்கியத்தையும் வீட்டாரிடம் படித்துக் காட்டி, "இதில் யாராவது நடந்து போகிறார்களா?" என்று கேட்டேன். யோசிக்க யோசிக்க பதில் மாறியது. "தண்ணி எடுக்கப் போறேன்" என்பதற்குக் காலையில் ஆமாம் என்றவர்களே மாலையில் இல்லை என்றார்கள். ஆனால் குழப்பம் அவர்களிடம் இல்லை, வாக்கியத்திலேயே இருந்தது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி இதைச் சொன்னால், அவள் குழாயடிக்கு நடக்கிறாள் என்பதும் உண்மை, இனிமேல்தான் தண்ணீர் எடுப்பாள் என்பதும் உண்மை. கேட்பவர் எதை எடுத்துக்கொண்டாலும் தவறில்லை. மாற்றம் நுழைவது இப்படிப்பட்ட இடங்களில்தான். நடையைக் கழித்துவிட்டு நோக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டால், உட்கார்ந்த இடத்திலிருந்தே "தூங்கப் போறேன்" என்று சொல்லலாம். நோக்கத்தையும் கழித்துவிட்டால் "மழை பெய்யப் போகிறது". மழைக்குக் காலும் இல்லை, எண்ணமும் இல்லை.

இரண்டாம் வாரம் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு வாக்கியங்களைத் திருகிப் பார்த்தேன். நன்றாகப் பிடித்தது எதிர்மறைச் சோதனை. "அவன் படிக்கப் போகவில்லை" என்றால் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பவில்லை என்று பொருள், நடைதான். "அவன் படிக்கப் போவதில்லை" என்றால் இனிப் படிக்கமாட்டான், அது காலம். மழையை வைத்துப் பாருங்கள். "பெய்யப் போவதில்லை" சரியாக இருக்கிறது. "பெய்யப் போகவில்லை" என்று யாருமே சொல்லவில்லை. ஒரே வினைக்கு இரண்டு வாழ்க்கை என்பது இங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

அடுத்து, ‘போ’வின் வடிவங்களை மாற்றினேன். ஏவலாக "படிக்கப் போ" என்றால் நடை மட்டும்தான். "படிக்கப் போவேன்" என்பதும் அப்படியே. மழையோடு "பெய்யப் போகும்" என்று வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. ஆனால் "வரப்போகும் தேர்தல்" என்று பெயருக்கு முன்னால் வைத்தால் தடையே இல்லை. இறந்த காலத்தில் ஓர் ஆச்சரியம்: "கீழே விழப் போனேன், அவன் பிடித்துக்கொண்டான்." இங்கே விழவும் இல்லை, போகவும் இல்லை. நடக்கவிருந்து நடக்காமல் போனதைச் சொல்ல ஒரு வடிவம் கிடைத்திருக்கிறது.

இன்னும் விகுதியாக ஒட்டிவிடவில்லை என்பதும் தெரிந்தது. "மழை பெய்யத்தான் போகிறது" என்று நடுவில் ‘தான்’ நுழைகிறது. ஆங்கிலத்தில் காலத்தைக் காட்டும் ‘கோயிங் டு’ பேச்சில் ‘கன்னா’ என்று சுருங்கிவிட்டது. லண்டனுக்குப் போவதாகச் சொல்லும்போது அந்தச் சுருக்கத்தைப் போட முடியாது. நமக்கோ "கடைக்குப் போறேன்", "தூங்கப் போறேன்" இரண்டிலும் அதே ‘போறேன்’தான். ஒலி இன்னும் பிரியவில்லை.

‘-உம்’ ஈற்றின் இடத்தையும் இது முழுதாகப் பிடிக்கவில்லை. "தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும்" என்ற பொது உண்மையில் ‘கொதிக்கப் போகிறது’ பொருந்தாது. அடுப்பில் பால் நுரை கட்டி மேலே ஏறும்போதோ அம்மா ‘பொங்கும்’ என்று சொல்லமாட்டாள். இப்போதே கண்ணுக்குத் தெரியும் அடையாளம் ஒன்று இருந்தால்தான் ‘போகுது’ இயல்பாக வருகிறது. மேகம் கறுத்திருக்க வேண்டும், நுரை ஏறியிருக்க வேண்டும், இல்லையென்றால் மனதில் முடிவாவது எடுத்திருக்க வேண்டும். அதனால்தான் நிகழ்கால வடிவமே எதிர்காலத்தைச் சொல்கிறது என்று நினைக்கிறேன்.

நேற்று மேசை விளிம்பில் இருந்த டம்ளரைப் பார்த்து அக்கா சொன்னதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: "அது உடைஞ்சு போகப் போகுது." இரண்டு ‘போ’. முதலாவது, உடைவது முழுதாக நடந்து முடிவதைச் சொல்கிறது. இரண்டாவது, அது இனிமேல் நடக்கும் என்கிறது. டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு, முதல் ‘போ’வுக்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கினேன்.