ஏழாம் நேர்காணல்

ஜூன் 3, ஹட்டன்

இன்று எங்கள் ஆய்வின் தரவுத் திட்டத்தை எழுத உட்கார்ந்தேன். தேயிலைத் தோட்ட லயங்களில் 42 பேரிடம் ஆளுக்கு ஒன்றரை மணி நேர நேர்காணல் பதிவுசெய்யப் போகிறோம். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் மோனோ வேவ் கோப்பு மணிக்கு 520 மெகாபைட் வரை பிடிக்கும். எல்லாம் சேர்த்தால் சுமார் 33 ஜிகாபைட்தான், அதனால் இடம் பிரச்சினை இல்லை. மடிக்கணினி, வெளி வன்தட்டு, பல்கலைக்கழக சேவையகம் என மூன்று பிரதிகள் வைப்பதாக எழுதினேன். முதல் இரண்டும் ஒரே பையில் பயணிக்கக் கூடாது.

ஜூன் 11

ஏழாம் நேர்காணல் பன்னிரண்டாவது நிமிடத்தில் அறுந்துபோகிறது. நேற்றைய மழையில் கரண்ட் போனபோது பாதியில் நின்ற பிரதி அது. சேவையகத்தோடு தானாக ஒத்திசையும் கோப்புறையில் இருந்ததால் அங்கேயும் அதே அரைகுறைக் கோப்புதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. ரெக்கோடரின் கார்டை அழிக்காமல் வைத்திருந்ததால் மூலம் தப்பியது. இனி கார்டிலேயே கீழுள்ள முதல் கட்டளையை ஓட்டி, ஒவ்வொரு கோப்புக்கும் அது கணக்கிடும் சரிபார்ப்பு எண்களின் பட்டியலையும் சேர்த்துக் கொண்டுபோய், ஒவ்வொரு பிரதியிலும் இரண்டாவதை ஓட்டுவோம்.

```
sha256sum *.wav > SHA256SUMS
sha256sum -c SHA256SUMS
```

ஒரு பைட் மாறினாலும் `FAILED` என்று வரும். அது கோப்பைச் சரிசெய்து தராது, கெட்டதை மட்டும் காட்டும். அதனால் இரண்டு பிரதிகளாவது `OK` ஆகும்வரை கார்டை அழிப்பதில்லை என்று திட்டத்தில் சேர்த்தேன்.

ஜூன் 19

அதே நேர்காணலின் எழுத்துப்படியில் பெயரை மாற்றிவிட்டு, பக்கத்துத் தோட்டத்துத் தம்பியிடம் வாசிக்கக் கொடுத்தேன். இரண்டாம் பக்கத்திலேயே, "இது மேல் டிவிசன் அக்காதானே?" என்றான். அந்த டிவிசனில் பெண் கங்காணி அவர் ஒருவர்தான். தோட்டத்தின் பெயரை 'ஹட்டன் பகுதி' என்றும் வயதை 'ஐம்பதுகளில்' என்றும் மாற்றலாம். ஆனால் கங்காணி என்பதை எடுத்துவிட்டால் அவர் சொன்ன கதையே இல்லாமல் போய்விடும். ஆகவே இந்த எழுத்துப்படி திறந்த களஞ்சியத்துக்குப் போகாது. விண்ணப்பித்து, நிபந்தனைக்கு ஒப்பமிடும் ஆய்வாளருக்கு மட்டும் கொடுப்போம். அதற்கும் அவரைக் கேட்க வேண்டும், ஏனென்றால் எங்கள் ஒப்புதல் படிவம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்தைத்தான் வாங்கியிருந்தது.

ஜூன் 24

பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்து அவர் வந்தபிறகு, எழுத்துப்படியைப் பகிர்வது, குரலைப் பகிர்வது, எத்தனை காலம் வைப்பது என்று தனித்தனியாகக் கேட்டேன்.

"எழுதினத குடுங்க பிள்ள. குரல் வேணாம். கேட்டா ஒடனே தெரிஞ்சிரும்."

பெயரையும் நேர்காணல் இலக்கத்தையும் இணைக்கும் பட்டியல் குறியாக்கம் செய்து தனியாக இருக்கிறது. தனிப்பட்ட தரவைத் தேவைக்கு மேல் வைக்கக் கூடாது என்பது 2022 இன் 9 ஆம் இலக்க, தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளது. ஆய்வு முடிந்து ஆறு மாதத்தில் அந்தப் பட்டியலையும் அவருடைய குரலையும் மூன்று இடங்களிலும், சேவையகத்தின் பழைய பதிப்புகளிலும் அழிப்போம். எழுத்துப்படி 10 ஆண்டுகள் இருக்கும்.

"பொறகு எனக்கு வேணாம்னு தோணிச்சுனா?"

பட்டியல் அழிந்தபிறகு எது உங்களுடையது என்று எங்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியாது என்றேன். கடைசித் திகதியை அவருடைய படிவத்தில் பெரிய எழுத்தில் எழுதி, கீழே என் தொலைபேசி இலக்கத்தையும் போட்டுக் கொடுத்தேன். மற்ற 41 படிவங்களையும் நாளை மாற்ற வேண்டும்.