மாவு வியாபாரத்தில் லாபம் எங்கே போகிறது?

பி.காம் முடித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் வேலை எதுவும் அமையவில்லை. எங்கள் ஊர் சங்கரன்கோவில் பக்கம். வீட்டில் சேமிப்பென்று இருந்தது அறுபதாயிரம் ரூபாய். "இதுல பாதிக்கு மேல தொடாதேப்பா" என்று அப்பா சொல்லிவிட்டார். அந்தப் பாதிக்குள் அடங்கிய தொழில் இட்லி மாவு. பழைய டில்டிங் கிரைண்டர் ஒன்று, வீட்டில் இருந்த ஃப்ரிட்ஜ், கவர் ஒட்டும் சீலர், அவ்வளவுதான் முதலீடு. உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவை இணையத்திலேயே செய்தேன். சிறு உற்பத்தியாளருக்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்தான்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டு அரைத்தால், தண்ணீரோடு சேர்த்து ஏறக்குறைய இரண்டே முக்கால் கிலோ மாவு கிடைக்கும். அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு எல்லாம் சேர்த்து ஒரு கிலோ மாவுக்கு 30 ரூபாய் அடக்கம். கவர், கரண்ட், பெட்ரோலுக்கு 4 ரூபாய். கடைக்கு 40 ரூபாய்க்குக் கொடுத்தால் பாக்கெட்டுக்கு 6 ரூபாய் நிற்கும். ஐம்பது பாக்கெட் போனால் 300 ரூபாய்.

ஆனால் மளிகைக் கடைக்காரர்கள் விற்காததைத் திருப்பித் தருவார்கள். ஐம்பதில் எட்டு பாக்கெட் திரும்பினால் என்ன ஆகும்? கைக்கு வருவது 42 பாக்கெட்டின் 1,680 ரூபாய். செலவோ ஐம்பதுக்கும் ஆனது 1,700. அன்றைக்கு இருபது ரூபாய் நஷ்டம், என் உழைப்புக்குக் கூலி போடாமலே. இதில் கையைக் கடிப்பது அரிசி விலையோ உளுந்து விலையோ இல்லை, ரிட்டர்ன்தான்.

ரிட்டர்ன் ஏன் வருகிறது என்று பார்க்க, விடியற்காலையில் கடை திறக்கும்போதே போய் நின்றேன். ஒரு கடையில் மட்டும் பாக்கெட்டுகள் தலையணை போல உப்பியிருந்தன. ஃப்ரிட்ஜுக்குள் கையை விட்டேன், பக்கச் சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. அடித்தட்டில் தண்ணீர் தேங்கியிருந்தது. கரண்ட் பில்லுக்காக ராத்திரி ஆஃப் செய்துவிட்டுப் போகிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. மாவு புளிக்கும்போது வாயு வரும், கவருக்குள் அதற்குப் போக வழி கிடையாது. நாம் விற்கும் பாக்கெட் மாவு புளிக்காத மாவு. குளிரில் இருக்கும்வரைதான் அது அப்படியே நிற்கும்.

சூடு நம் வீட்டிலேயே ஏறுவதும் உண்டு. உளுந்து கல்லில் நேரம் பிடித்து அரைபடும்போது மாவு சூடாகிவிடும். அந்தச் சூட்டோடு கவரில் அடைத்து ஃப்ரிட்ஜில் அடுக்கினால் நடுவில் இருக்கும் பாக்கெட் குளிரவே பல மணி நேரம் ஆகும், அதற்குள் புளிக்கத் தொடங்கிவிடும். அதனால் உளுந்துக்கு ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து அரைக்கிறேன். ஒரு துளி உளுந்து மாவைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். முழுகினால் இன்னும் அரைபட வேண்டும் என்று அர்த்தம்.

இவ்வளவு செய்தும் கடை ஃப்ரிட்ஜ் நம் கையில் இல்லையே. ஆகவே ஆளை மாற்றினேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் சாயங்கால தோசைக் கடை போடும் ஒரு அக்காவிடம் கேட்டேன். "தம்பி, அரைச்சுக் கொடுத்தா எனக்கு இடுப்பு மிச்சம். ஆனா மூணு மணிக்கு மாவு பொங்கி நிக்கணும், ஒரு நாள் தவறினாலும் என் யாவாரம் போச்சு" என்றார். அவருக்குத் தேவை புளித்த மாவு. காலையில் நான் அரைத்து, அவருடைய தூக்கிலேயே ஊற்றிவிடுவேன். கவர் செலவு இல்லை, ஃப்ரிட்ஜ் வேண்டாம், ரிட்டர்ன் என்ற பேச்சே இல்லை. கிலோவுக்கு 38 ரூபாய்தான் என்றாலும் கொடுத்ததெல்லாம் காசாகிறது. அவர் சொல்லி ஒரு மெஸ்ஸும் இரண்டு டிபன் கடைகளும் வந்தன. மளிகைக் கடைகளில் ராத்திரியும் ஃப்ரிட்ஜ் ஓடும் கடைகளை மட்டும் வைத்துக்கொண்டேன், அதுவும் முந்தின நாள் சொன்ன எண்ணிக்கைக்கு மட்டும்.

டிபன் கடைகளில் கடன் சொல்வார்கள், அதைக் கவனிக்க வேண்டும். இன்றைய மாவு இறங்கும்போது நேற்றைய காசு கைக்கு வந்துவிட வேண்டும் என்று முதல் நாளே பேசிவிட்டேன். ஒரு வாரம் சேரவிட்டால், அடுத்த மூட்டை அரிசிக்குப் பணம் இருக்காது.

மார்கழிக் குளிரில் மாவு பொங்க நேரம் எடுக்கும். அந்த மாதத்தில் அக்காவுக்கான மாவை முந்தின நாள் ராத்திரியே அரைத்து, உப்புப் போட்டுக் கையால் கலந்து, தூக்கை அடுப்படி ஓரம் வைத்துவிடுகிறேன். சித்திரையில் அதே மாவைக் காலை எட்டு மணிக்குமேல் அரைத்தால் போதும்.