பி.டி. பீரியட் கூடுதலா வேணும்னு ஹெச்.எம். கிட்ட கேட்ட கதை

நம்ம வேலைல வருஷா வருஷம் ஜூன் மாசம் ஒரு சடங்கு உண்டு. டைம்டேபிள் போடுறப்போ பி.இ.டி. ஹெச்.எம். கிட்ட போயி "சிஸ்டர், வாரத்துக்கு இன்னும் ஒரு பீரியட் குடுங்க" அப்படின்னு கேப்பாரு, அவங்களும் "பாக்கலாம் சார்"ம்பாங்க, அத்தோட முடிஞ்சுது. எங்க ஸ்கூல் குமரி மாவட்டத்துல மேக்கால இருக்குற ஒரு எய்டட் ஸ்கூல், ஆறு முதல் பத்து வரைக்கும் வகுப்புக்கு ரெண்டு செக்‌ஷன், மொத்தம் பத்து, செக்‌ஷனுக்கு வாரம் ரெண்டு பீரியட்னா எனக்கு இருபது. ரெண்டும் எட்டாவது பீரியட்ல விழும், மிஞ்சிப்போனா ஏழாவதுல. இந்த மாவட்டத்துல பத்தாவது ரிசல்ட்னா வீட்டுல கல்யாணம் மாதிரி, அதனால பி.டி. பீரியட்ட கணக்கு டீச்சர் கடன் வாங்குறது சர்வ சாதாரணம். 2022ல விளையாட்டுத்துறை அமைச்சரே மேடையில வெச்சு கணக்கு, சயின்ஸ் டீச்சர்மார் பி.டி. பீரியட்ட வாங்காதீங்கன்னு சொன்னாரு, எல்லாரும் சிரிச்சாங்க, எங்க ஸ்கூல்லயும் சிரிச்சாங்க, அடுத்த வாரமே கடன் கேட்டு ஆள் வந்துது.

இந்த தடவ வாயால கேக்காம எழுதிக் குடுக்கணும்னு நெனச்சேன். அதுலயும் "ஆரோக்கியமான உடலில் ஆரோக்கியமான மனம்"னு ஆரம்பிக்குற கடுதாசி வேண்டாம்னு மொதல்லயே முடிவு பண்ணிட்டேன், ஏன்னா அதுக்கு எந்த ஹெச்.எம்.மும் எதிர்ப்பு சொல்ல மாட்டாங்க, ஆனா பீரியட்டும் தர மாட்டாங்க. எங்க ஹெச்.எம். சிஸ்டர் பழைய கணக்கு டீச்சர். அவங்களுக்கு நம்பர் வேணும், அதுவும் நம்ம ஸ்கூல் நம்பர்.

அதனால மொதல்ல அளந்தேன். 1991ல அமெரிக்காவுல மெக்கன்சின்னு ஒருத்தர் குழு போட்ட சோஃபிட்னு ஒரு முறை இருக்கு, உடற்கல்வி வகுப்ப அளக்குறதுக்குன்னே செஞ்சது. வகுப்புல நாலு பிள்ளைங்கள தேர்ந்தெடுக்கணும். ஒரு பிள்ளைய பத்து செகண்ட் பாக்கணும், அடுத்த பத்து செகண்ட்ல எழுதணும். படுத்திருந்தா 1, உக்காந்திருந்தா 2, நின்னா 3, நடந்தா 4, அதுக்கு மேல ஓட்டம் குதியெல்லாம் 5. நாலு நிமிஷம் ஒரு பிள்ளை, அப்புறம் அடுத்த பிள்ளை, அப்படியே சுத்தி வரணும். கடைசில 4ம் 5ம் எத்தன சதவீதம்னு பாத்தா அந்த பீரியட்ல பிள்ளைங்க நெசமாவே அசைஞ்ச நேரம் கெடச்சிரும். இதுக்கு செலவே கெடையாது, இருபது செகண்டுக்கு ஒருக்கா பீப் அடிக்குற மாதிரி போன்ல ஒரு ஆப், ஒரு பேடு, ஒரு பேனா போதும். ஆனா நாமளே வகுப்பு எடுத்துக்கிட்டு நாமளே எழுத முடியாது, அதனால ட்ராயிங் சார உக்கார வெச்சேன். அவரு வேப்பமரத்து அடியில உக்காந்து "நாலு, நாலு, மூணு, மூணு, மூணு"ன்னு முணுமுணுத்துக்கிட்டே எழுதுவாரு. எந்த நாலு பிள்ளைன்னு எனக்கே சொல்லக்கூடாதுன்னு கண்டிஷன், தெரிஞ்சா நம்மள அறியாம அந்த நாலு பேர்கிட்ட பந்து போயிரும்.

ஏழாம் வகுப்புல வந்த கணக்கு இப்படி. பீரியட் நாப்பது நிமிஷம். மாடியில இருந்து எறங்கி கிரவுண்டுக்கு வந்து சேர நாலு நிமிஷம், லைன் நிறுத்தி அட்டென்டன்ஸ் எடுக்க நாலு, கடைசில கை கால் கழுவி தண்ணி குடிச்சு க்ளாசுக்கு போக அஞ்சு. பதிமூணு நிமிஷம் காலி. மீதி இருபத்தேழு நிமிஷத்துல பிள்ளைங்க அசைஞ்சது சராசரியா பன்னெண்டு நிமிஷம். ஏன் அவ்வளவு கொறச்சல்னா ஒரு பந்து, இருபத்திரண்டு பேர் ஆட, மிச்சம் பதினெட்டு பேர் கோட்டுக்கு வெளிய நிக்க. ஆடுற இருபத்திரண்டுலயும் கோலி சும்மா நிக்கான், பின்னால ஃபுல்பேக் ரெண்டு பேரும் கத பேசிக்கிட்டு நிக்கான். தூத்தூர், சின்னத்துறை பக்கத்துல இருந்து வாற பையன்மாருக்கு ஃபுட்பால் பொறந்ததுல இருந்தே காலுல இருக்கு, பந்து அவனுவ கிட்டயே சுத்தும். பெண் பிள்ளைங்க ஷீட்ட தனியா பாத்தா எட்டு நிமிஷம் கூட தேறல.

உடற்கல்வி வகுப்புல பாதி நேரமாவது பிள்ளைங்க அசைஞ்சுக்கிட்டு இருக்கணும்னு ஒரு அளவுகோல் உலகம் பூரா சொல்றாங்க. நாப்பதுக்கு பன்னெண்டுன்னா முப்பது சதவீதம். இத அப்படியே கொண்டு போயி குடுத்தா சிஸ்டர் என்ன கேப்பாங்கன்னு தெரியும், இருக்குற பீரியட்டயே ஒழுங்கா உபயோகிக்கல, இதுல இன்னொண்ணு எதுக்கும்பாங்க. நியாயமான கேள்விதான். அதனால ரெண்டாவது தடவ அளக்குறதுக்கு முன்னால வகுப்ப மாத்தினேன். கிரவுண்ட கோன் வெச்சு நாலு துண்டாக்கி நாலுக்கு நாலு ஆட்டம், கோலி கெடையாது, சின்ன கோல். நாலு துண்டுலயும் சேத்து முப்பத்திரண்டு பேர் ஒரே நேரத்துல ஆடலாம், மிச்ச எட்டு பேருக்கு கயிறு குதிக்கிறது, மூணு நிமிஷத்துக்கு ஒருக்கா மாறணும். பெண் பிள்ளைங்களுக்கு ரெண்டு துண்டு தனியா. அட்டென்டன்ஸ் வார்ம்-அப் ஓடுறப்போவே எடுத்துட்டேன். நிமிஷம் பன்னெண்டுல இருந்து இருபதுக்கு வந்துது, பெண் பிள்ளைங்க பதினெட்டு. அதுக்கு மேல எவ்வளவு முக்கினாலும் ஏறல, ஏன்னா மாடி எறங்குறதும் கை கழுவுறதும் எந்த வாத்தியாராலயும் கொறைக்க முடியாது. ரெண்டு ஷீட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ப்ரோபோசல்ல மொத பக்கத்துல போட்டேன். இருபது இருபதுன்னு ரெண்டு பீரியட்டுக்கு வாரம் நாப்பது நிமிஷம். உலக சுகாதார நிறுவனம் 5ல இருந்து 17 வயசு வரைக்கும் சராசரியா ஒரு நாளைக்கு 60 நிமிஷம் சொல்லுது, அதாவது வாரம் 420. இந்தப் பிள்ளைங்க முன்ன மாதிரி நடந்து வந்தா கொஞ்சம் கூடும், இப்ப எல்லாம் வேன்லதான் வருது, வேன்ல இருந்து எறங்குனா ட்யூஷன்.

ரெண்டாவது பக்கம் மார்க். இங்கதான் நம்ம ஆளுங்க நெறைய பேரு அளவு தெரியாம பேசிருவாங்க, வெளையாடுனா மார்க் கூடும்னு. அப்படி எழுதல. அமெரிக்காவோட நோய்த்தடுப்பு அமைப்பு சி.டி.சி. 2010ல அம்பது ஆய்வுகள சேத்து பாத்துது, உடல் அசைவுக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்புகள்ல பாதி சாதகம், கிட்டத்தட்ட மிச்ச பாதில ஒரு வித்தியாசமும் இல்ல, பாதகமா வந்தது ரெண்டு சதவீதம் கூட கெடையாது. இதுக்கு அர்த்தம் மார்க் ஏறும்னு உத்தரவாதம் இல்ல, எறங்காதுன்னு நம்பலாம், அவ்வளவுதான். கனடாவுல த்ருவா-ரிவியர்னு ஒரு ஊர்ல 1970ல இருந்து 77 வரைக்கும் பிரைமரி பிள்ளைங்களுக்கு நாளைக்கு ஒரு மணி நேரம் பி.டி. கூடுதலா குடுத்தாங்க, பாட நேரத்துல பதிமூணு பதினாலு சதவீதத்த வெட்டித்தான் குடுத்தாங்க, பாட நேரம் கொறஞ்சும் போகப்போக அந்த பிள்ளைங்க மார்க் மத்த வகுப்புக்கு கீழ போகல, மேலதான் நின்னுது. ஸ்வீடன்ல மால்மோ பக்கத்துல 1999ல ஆரம்பிச்சு ஒம்பது வருஷம் தெனம் பி.டி. குடுத்த ஸ்கூல்ல, பையன்மார்ல 96 சதவீதம் மேல்நிலைக்கு தகுதி வாங்குனாங்க, வாரம் ரெண்டு பீரியட் மட்டும் இருந்தவங்கள்ல 83. நான் அதுக்கு கீழயே எழுதிட்டேன், இது ஒரே ஒரு ஸ்கூல், நம்ம ஊர் இல்ல, அங்க பாடம் எடுக்குற விதமும் வேற.

சிஸ்டர் படிச்சிட்டு கூப்பிட்டாங்க. சிவப்பு பேனாவால அந்த கடைசி வரிய அடிக்கோடு போட்டு வெச்சிருந்தாங்க.

"இத ஏன் சார் நீங்களே எழுதுனீங்க?"

"நான் எழுதலேன்னா ஸ்டாஃப் மீட்டிங்ல கணக்கு டீச்சர் கேப்பாங்க சிஸ்டர்."

சிரிச்சிட்டு, "சரி, பீரியட் எங்க இருந்து எடுக்கப் போறீங்க?"ன்னாங்க. அதுதான் மூணாவது பக்கம். பத்து செக்‌ஷனுக்கும் மூணு கேட்டா எனக்கு முப்பது பீரியட், காலைலயும் சாயங்காலமும் டீம் ப்ராக்டீஸ் வேற, ஒத்த ஆளு தாங்காது, அதனால ஆறு, ஏழு, எட்டுக்கு மட்டும் மூணு, ஒம்பது பத்துக்கு பழைய மாதிரி ரெண்டு, மொத்தம் இருபத்தாறு. பாட பீரியட் எதையும் தொடல. வெள்ளிக்கிழமை ஸ்டடி பீரியட்னு ஒண்ணு உண்டு, யாரு ஃப்ரீயோ அவங்க போயி உக்காருவாங்க, அதத்தான் கேட்டேன். ஆனா அதுல போர்ஷன் முடிக்குறவங்க இருக்காங்கன்னு எனக்கும் தெரியும், சிஸ்டருக்கும் தெரியும்.

ரெண்டு பீரியட்ட சேத்து டபுளா போட்டா டைம்டேபிளுக்கு ஈசியா இருக்குமேன்னு கேட்டாங்க. கணக்குல அது சரிதான், எறங்கி ஏறுற பதிமூணு நிமிஷம் ஒரு தடவதான் போகும், கையில அறுபத்தேழு நிமிஷம் நிக்கும். ஆனா ஆறாம் வகுப்பு பிள்ளை அர மணி நேரத்துக்கு மேல அதே வேகத்துல ஓடாது, உக்காந்துரும், நான் ஒருக்கா டபுள் எடுத்து அளந்தப்போ நாப்பத்தி சொச்சம்தான் வந்துது, ரெண்டு தனி பீரியட்டுக்கும் அதுக்கும் பெருசா வித்தியாசமே இல்ல. அப்படின்னா வாரத்துல மூணு தனித்தனி நாளா பரத்தி போடுறதுதான் நல்லது, எலும்புக்கும் தசைக்கும் வாரம் மூணு நாளாவது வேலை குடுக்கணும்னுதான் சுகாதார நிறுவனமும் சொல்லுது.

எண்ணிக்கைய விட எனக்கு முக்கியமா பட்டது எந்த நேரத்துல போடுறாங்கங்கறது, ப்ரோபோசல்ல அதுக்கு ஒரு பாரா தனியா. நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு மழையும் உண்டு. ஐப்பசி கார்த்திகைல காலைல பளிச்சுன்னு வெயில் அடிக்கும், மத்தியானம் மூணு மணிக்கு மேல மலைப்பக்கம் இருட்டும், இடியோட கொட்டும். எட்டாவது பீரியட் பி.டி. அப்ப என்ன ஆகும். என் ஒர்க் டைரில அந்த ரெண்டு மாசம் எட்டாவது பீரியட்ல பாதிக்கு மேல "மழை, வகுப்பறை"ன்னுதான் எழுதியிருக்கு, கிரவுண்டும் செம்மண்ணு, மழை விட்டாலும் மறுநாள் காலைல பத்து மணி வரைக்கும் வழுக்கும். அதனால ரெண்டாவது, மூணாவது பீரியட்ல போடுங்கன்னு கேட்டேன். ஆனா காலைல ஓடுனா பிள்ளைங்க வேர்வையோட வந்து க்ளாஸ்ல தூங்கும்னு ஸ்டாஃப் ரூம்ல பேச்சு. 2009ல இல்லினாய்ல ஒரு சின்ன ஆய்வு, ஒம்பது பத்து வயசு பிள்ளைங்க இருபது பேர இருபது நிமிஷம் நடக்க வெச்சு, நெஞ்சு துடிப்பு அடங்கினதும் கவனத்துக்கு ஒரு டெஸ்ட் வெச்சா, சும்மா உக்காந்திருந்த நாள விட சரியா பதில் சொல்லுச்சு. இருபது பேர்தான், நடைதான், அதனால இத பெருசா தூக்கிப் பிடிக்கல, தூங்கும்ங்கறதுக்கு எதிர்ல வெக்க போதும்னு மட்டும் வெச்சேன்.

முடிவு முழுசா கெடைக்கல. ஏழாம் வகுப்பு ஏ செக்‌ஷனுக்கு மட்டும் காலாண்டு வரைக்கும் மூணு பீரியட், ரெண்டு காலைல, பி செக்‌ஷன் பழையபடி. ரெண்டு செக்‌ஷனுக்கும் 600 மீட்டர் ஓட்டமும் யூனிட் டெஸ்ட் மார்க்கும் ஆரம்பத்துலயும் கடைசிலயும் எடுக்கணும். கணக்கு டீச்சர்தான் மார்க் ஷீட் தருவாங்க, அது அவங்களே கேட்டு வாங்கின வேலை, எனக்கும் அதுல சந்தோஷம்தான். ஒரு செக்‌ஷனுக்கு ஒரு செக்‌ஷன்னு வெச்சு பாத்து நாலஞ்சு மார்க் வித்தியாசத்துல ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு சிஸ்டர் கிட்ட முன்கூட்டியே சொல்லிட்டேன். ஓட்டத்துல தெரியும். ஏ செக்‌ஷன் மார்க் தடாலடியா எறங்காம இருந்தா அரையாண்டுக்கு ஆறு, ஏழு, எட்டு மூணுக்கும் போடலாம்னு ஃபைல்ல எழுதி கையெழுத்து போட்டிருக்காங்க. இப்ப பி செக்‌ஷன் பிள்ளைங்கதான் தெனம் வந்து "சாறே, எங்களுக்கு எப்ப?"ன்னு கேக்குது.