புதன்கிழமை மாத்திரை ஏன் நினைவூட்டப்படவில்லை

அப்பாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை தினமும் இரவு 8 மணிக்கு. நான், என் கணவர், அண்ணன், அண்ணி நான்கு பேரும் மாறி மாறிப் பார்த்துக்கொள்வதால், எல்லோர் கைபேசியிலும் தெரிகிற மாதிரி ஒரு பொதுப் பட்டியல் போட்டோம். யார் எதைச் சேர்த்தாலும், யார் எதை டிக் செய்தாலும் மற்றவர்களுக்கு அறிவிப்பு வரும். மாத்திரை, கரண்ட் பில், வீட்டுச் சாமான் எல்லாம் அந்த ஒரே பட்டியலில்தான். முதல் தப்பு அதுதான் என்று பிறகு புரிந்தது.

ஒரு சனிக்கிழமை நான் வரிசையாக 14 சாமான்களைச் சேர்த்தேன். மற்ற மூன்று பேருக்கும் தலைக்கு 14 அறிவிப்பு. மாலையில் கணவர் வாங்கிக்கொண்டே டிக் செய்ய, மறுபடியும் ஆளுக்கு 14. அலுவலகத்தில் முக்கியமான வேலையில் இருந்த அண்ணன், அந்தப் பட்டியலின் அறிவிப்புகளை அணைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சோப்பு வாங்கியாகிவிட்டது என்று அவருக்கு ஏன் தெரிய வேண்டும்?

அடுத்த செவ்வாய்க்கிழமை அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். 8 மணிக்கு அவரே அப்பாவுக்கு மாத்திரை கொடுத்தார், டிக் செய்ய மறந்துவிட்டார். நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன், 8.05-க்கு என் கைபேசியில் டிக் செய்தேன். அந்த அறிவிப்பு அவருக்குப் போகவில்லை. இரவு வீட்டுக்குப் போனதும் நினைவு வந்து பட்டியலைத் திறந்திருக்கிறார். 'அப்பா மாத்திரை' டிக் ஆகாமல் இருந்தது. டிக் செய்துவிட்டுத் தூங்கிவிட்டார்.

இங்கேதான் சிக்கல். தினமும் திரும்ப வருகிற வேலையை டிக் செய்தால் அது மறைந்துபோவதில்லை, அதே பெயரில் அடுத்த நாளுக்கு நகர்ந்துவிடுகிறது. நான் டிக் செய்ததும் செவ்வாய் முடிந்து புதன் வந்து நின்றது. அண்ணன் டிக் செய்தது புதன்கிழமை மாத்திரையை. தேதி சின்ன எழுத்தில் கீழே இருந்ததால் அவர் கவனிக்கவில்லை. அவர் டிக் செய்த அறிவிப்பு எனக்கு வந்தது. நடந்ததையே சொல்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

புதன் இரவு 8 மணிக்கு ஒரு கைபேசியும் ஒலிக்கவில்லை. பத்து மணிக்கு ஏதோ தோன்றி மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன், ஒன்று கூடுதலாக இருந்தது. டாக்டருக்குப் போன் செய்து, அவர் சொன்னபடி செய்தோம்.

மறுநாளே மாத்திரைக்குத் தனிப் பட்டியல் போட்டோம். அதில் அறிவிப்புகளை யாரும் அணைப்பதில்லை என்று பேசி வைத்தோம். சாமான் பட்டியலில் எல்லா அறிவிப்புகளையும் அணைத்தாயிற்று. கடைக்குக் கிளம்புகிறவர் மட்டும் 'சேர்த்தால் சொல்' என்பதை இயக்கிக்கொள்வார், கடைசி நேரத்தில் யாராவது சேர்ப்பது அவருக்கு மட்டும்தான் வேண்டும்.

தினமும் திரும்பும் ஒரே வேலையை எடுத்துவிட்டு ஏழாகப் பிரித்தேன். 'செவ்வாய் இரவு மாத்திரை', 'புதன் இரவு மாத்திரை' என்று ஒவ்வொன்றும் வாரம் ஒருமுறை வரும். இப்போது செவ்வாய் இரவில் யாராவது புதனை டிக் செய்தால் பெயரே காட்டிக்கொடுத்துவிடும். மற்றவர்களுக்கு வருகிற அறிவிப்பிலும் கிழமை தெரியும். எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இதுதான்.

அப்புறம் சோதித்துப் பார்த்தோம். டிக் செய்தவருக்கே அறிவிப்பு வராது என்பதால் தனியாக உட்கார்ந்து சோதிக்க முடியாது. நான் டிக் செய்ய, மற்ற மூன்று பேரும் வந்ததா என்று சொன்னார்கள். அண்ணியின் கைபேசியில் மட்டும் செயலியைத் திறந்த பிறகே வந்தது. பேட்டரியை மிச்சப்படுத்தும் அமைப்பு அந்தச் செயலியைப் பின்னணியில் நிறுத்தி வைத்திருந்தது. அதற்கு மட்டும் விலக்குக் கொடுத்ததும் சரியானது.

ஒரு குறை இன்னும் இருக்கிறது. தவறி டிக் செய்துவிட்டு அதைத் திரும்ப எடுத்தால், எங்கள் செயலியில் மற்றவர்களுக்கு எந்த அறிவிப்பும் போவதில்லை. கொடுத்தாயிற்று என்றே அவர்கள் நினைத்திருப்பார்கள். அதனால் டிக்கைத் திரும்ப எடுத்தால் உடனே போன் செய்ய வேண்டும் என்று வைத்திருக்கிறோம். அப்பா மாத்திரையை விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் டிக், கையில் கொடுத்ததும் அல்ல. ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் அட்டையில் மீதி எத்தனை என்று எண்ணி, பட்டியலோடு சேர்கிறதா என்று பார்த்துவிடுகிறார்.